கிராணி வேலையும் இரண்டு பூப்பொட்டலங்களும்

வேலையை விட்டுவிடட்டுமா என்று என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டார். வாயைத் திறந்து பதில் சொல்வதற்குப் பதிலாக நான் வேறொரு காரியம் செய்தேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். எழுதினால் பாவம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை. உள்ளேயே வைத்திருப்பது அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் மலாயாவில், கிள்ளானுக்கு ஏழெட்டு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அவர் அங்கே கிராணி, ஆள்கணக்கு எழுதுகிற குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரைக்கும் மரம் சீவுகிற ஜனங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் இடி வாங்குகிற வேலை அது. விடிவதற்கு முன்பே ஆட்கள் எல்லாரும் பெரட்டுக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். இவர் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிட்டு செக்ரோல் புத்தகத்தில் எழுதுவார். பேர் விழுந்தால் அன்றைக்கு முழுக்கூலி. அரைப்பேர் என்றால் பாதி. பேரே விழவில்லையென்றால் திரும்பி லயத்து வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பேர் போடுகிற பென்சில் இவர் கையில் இருந்தது. ஆனால் போடச் சொல்வதும் வெட்டச் சொல்வதும் துரை.

பழைய துரை இருந்தவரை ஒன்றும் குறையில்லை. இவர் நல்ல கேலிக்காரர். துரை தமிழ் பேசுகிற மாதிரி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் மருந்து கொடுக்கிற மாதிரி, நான் கோபித்துக்கொண்டு பாத்திரம் விளக்குகிற மாதிரி எல்லாம் நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். அவர் கையெழுத்தோ அச்சில் வார்த்தது போல இருக்கும். பழைய துரை ஊருக்குக் கடிதம் எழுதும்போதுகூட இவரைக் கூப்பிட்டு உறைமேல் விலாசம் எழுதச் சொல்வார். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. பக்கத்து வீட்டு டிரெஸர் பெண்டாட்டியிடம் அதை நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

பழைய துரை சீமைக்குப் போனதும் புதுத் துரை வந்தான். பெரட்டு மணி அடித்து முடியும்போது வரிசையில் நிற்காதவனுக்குப் பேர் கிடையாது என்றான். பால் குறைந்தால் அரைப்பேர் என்றான். மழை பெய்து மரம் நனைந்திருந்தால்கூட, பால் ஏன் குறைவு என்று கிராணியைத்தான் கேட்பான். காட்டுக்குள்ளிருந்து அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் இவர் எழுந்து நின்றுவிடுவார். "ஒக்காருங்க, அவன் மலைக்காட்டுப் பக்கம் போறான்" என்று நான் சொன்னாலும் உட்கார மாட்டார். அந்தச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை கையில் சோற்றோடு நிற்பார்.

ஒருநாள் காலை ஒரு பெண்பிள்ளை பெரட்டுக்கு ஓடி வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், வேலைக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் தாமதம். அவள் வந்து நின்றபோது மணி அடித்து முடிந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இவர் பேர் எழுதப் போனார். துரை பக்கத்தில் நின்று கைத்தடியால் புத்தகத்தைத் தட்டினான். இவர் அந்தப் பேரின் மேல் கோடு இழுத்தார். அவள் துரையை ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி, "ஒன் குடி வெளங்குமாடா கிராணி" என்று இவர் முன்னால் தூற்றிவிட்டுப் போனாள்.

நான் அப்போது இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். அந்தச் சேதி டிரெஸர் பெண்டாட்டி வாய் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தபோது வயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன். அவர் வீட்டுக்கு வந்தார். சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைக் கிணற்றடியில் நின்று தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார். மண்ணெல்லாம் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜினாமாக் கடிதம் எழுதினார். தேதியை மட்டும் விட்டுவிட்டு மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்து, "நான் இந்த வேலைய வுட்டுறட்டுமா?" என்று கேட்டார்.

நான், "வேற வேல கெடச்சிருக்கா?" என்றேன்.

"இங்க இருந்துக்கிட்டு எங்கேர்ந்து கெடைக்கும்?" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அதற்கு இரண்டு நாள் முன்னால் என் அண்ணன் வந்திருந்தான். அண்ணன் கோலாலம்பூரில் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தான். அவன் விவரமாகவே சொன்னான்: "மாப்பிள்ளை, டவுன் வேலை கடுதாசி போட்டா வராது. ஒருத்தன் லீவுல போவான், ஒருத்தன் செத்துப்போவான், பெரிய கிளார்க்கு வெளிய வந்து, நாளைக்கு ஒக்கார ஆளிருக்கான்னு கேட்பார். அன்னைக்கு வாசல்ல நிக்கிறவனுக்குத்தான் நாற்காலி. நீங்க ஒரு மாச நோட்டீஸ் குடுத்துட்டு வர்றேன்னா யாரு காத்திருப்பா? பேசாம வுட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்துருங்க. ஒங்க கையெழுத்துக்கு மூணு மாசத்துல எவனாவது கூப்பிட்டுக் குடுப்பான்."

"மூணு மாசத்துல கெடைக்கலைன்னா?" என்று நான் கேட்டேன். அண்ணன் டீயைக் குடித்தான். அவனுக்குத் தெரியும் நான் எதை நினைத்துக் கேட்கிறேன் என்று.

எங்கள் அப்பா ரயில்வேயில் இருந்தவர். மேலதிகாரி ஒரு வார்த்தை சொன்னான் என்று கொடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரே நாளில் வேலையை உதறிவிட்டு வந்தார். வேலை போன அன்றே குவாட்டர்ஸும் போனது. பிரிக்பீல்ட்ஸில் மாமா வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் ஆறு பேர் பதினான்கு மாதம் இருந்தோம். மாமா நல்லவர். அத்தையும் கெட்டவள் இல்லை. ஆனால் அடுப்பு ஒன்றுதான். அத்தை சமைத்து, மாமா சாப்பிட்டு, அத்தை பிள்ளைகள் சாப்பிட்டு, அடுப்பை மெழுகிவிட்டு அவள் நகர்ந்த பிறகுதான் எங்கள் அம்மா உலை வைக்க முடியும். அம்மா அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நிற்பாள். உள்ளேயும் போகமாட்டாள், திரும்பியும் வரமாட்டாள். பசியோடு நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்பா மேல் அன்று வந்த கோபம் அவர் செத்த பிறகும் எனக்குத் தீரவில்லை. மானத்தைப் பார்த்து வேலையை விட்டார் என்று ஊரே அவரை மெச்சியது. அந்த மானத்துக்கு அடுப்படி வாசலில் நின்றது அம்மாதானே.

இதை நான் அவரிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிராணி பெண்டாட்டி என்கிற கெத்தில் இருந்தவளுக்கு, எங்கள் அம்மா சோற்றுக்குக் காத்து நின்ற கதையைச் சொல்ல வாய் வரவில்லை. "சாமிகிட்ட கேட்டுருவோம்" என்றேன். "பூப்போட்டுப் பாப்போம். வெள்ளை வந்தா விட்டுட்டு அண்ணன் வீட்டுக்குப் போவோம். சிவப்பு வந்தா வேற வேல கெடைக்கிற வரைக்கும் இருப்போம்."

அவருக்குச் சாமியிடம் பெரிய பிடிப்பு இல்லை. ஆனாலும் சரி என்றார். யாராவது தனக்குப் பதிலாக முடிவு எடுத்துக் கொடுத்தால் போதும் என்கிற நிலையில் இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

தோட்டத்துக் கோயிலில் பூப்போட்டால் பண்டாரம் மூலமாகக் கங்காணிக்கும், கங்காணி மூலமாகத் துரைக்கும் சேதி போய்விடும். அதனால் கிள்ளானுக்குப் போவது என்று முடிவு செய்தோம். பொட்டலம் கட்டுகிற வேலை என்னுடையது. வாழை இலையைக் கிழித்து, ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செம்பருத்தி வைத்து, ஒரே மாதிரி மடித்து நாரால் கட்ட வேண்டும். காலையில் கொல்லையில் நின்று இரண்டு பூவும் பறித்தேன். நந்தியாவட்டையைக் கையில் வைத்துப் பார்த்தேன். அடுப்படி வாசலும் அம்மாவின் முதுகும் கண்ணுக்கு முன்னால் வந்தன. நந்தியாவட்டையைத் தலையில் சொருகிக்கொண்டேன். இன்னொரு செம்பருத்தி பறித்தேன். இரண்டு இலையிலும் செம்பருத்தி வைத்துக் கட்டினேன்.

கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். சாமியை ஏமாற்றுகிறோம் என்ற பயம் பஸ்ஸில் ஏறின பிறகுதான் வந்தது.

கோயிலில் குருக்கள் இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து இவரிடம் நீட்டினார். பிரித்தார். சிவப்பு. இவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வெட்கம்கெட்ட கன்னம்!

பிரிக்காத பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம். நான் வாங்கக் கை நீட்டினேன். "நீ மாசமா இருக்கே, வழுக்கும். நான் போட்டுட்டு வரேன்" என்று சொல்லி அவர் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருந்த வாய்க்காலுக்குப் போனார். எனக்கு உயிர் போய் வந்தது. திரும்பி வந்தபோது கால் நனைந்திருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வா, பஸ்ஸு வந்துரும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் கோட்டுப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து அவரே அடுப்பில் போட்டார்.

அப்புறம் வேறு வேலை தேடினோம். தேடினோம் என்றா சொல்வது! தோட்டத்தில் இருந்துகொண்டு வேலை தேடுவது எப்படி என்று கேட்டால் நான் சொல்வேன். பதில் கடிதம் தோட்டத்து ஆபீஸுக்கு வந்தால் துரை கண்ணில் படும். அதனால் விண்ணப்பத்தில் அண்ணன் விலாசம் போட்டோம். அண்ணன் வீட்டுக்குப் பதில் வந்து, அவன் அதை ஆள் கையில் கொடுத்தனுப்பி, இவர் கைக்கு வரும்போது நேரில் வரச் சொன்ன நாள் கடந்திருக்கும். ஒருமுறை முன்கூட்டியே சேதி கிடைத்தது. காய்ச்சல் என்று லீவு கேட்டார். லீவுக்கு டிரெஸர் சீட்டு வேண்டும். டிரெஸர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "கிராணியாரே, எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு" என்றார்.

கடைசியாகச் செமினியில் ஒரு தோட்டத்துக்கு எழுதிப் போட்டார். அங்கேயும் கிராணி வேலைதான், ஆனால் நல்ல துரை என்று கேள்வி. நாங்கள் மறந்துபோனது ஒன்று உண்டு. துரைமார் எல்லாரும் சனிக்கிழமை ஒரே கிளப்பில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள். உன் கிராணி எப்படி என்று அந்தத் துரை இந்தத் துரையைக் கேட்டிருக்கிறான். திங்கட்கிழமை பெரட்டில், முந்நூறு பேர் முன்னால், எங்கள் துரை தன்னுடைய தமிழில் கேட்டான்: "கிராணி, நீ செமினி போறது? இந்தத் தோட்டம் நல்லா இல்லே? போ. இப்போ போ. சர்ட்டிபிகேட் இல்லே." துரை கையால் நற்சான்று இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் காலை வைக்க முடியாது. இவர் குனிந்து பேர் எழுதினார். வரிசையில் யாரோ சிரித்தார்களாம். மண் தூற்றினவள் சிரிக்கவில்லையாம். அதை அவர் ஒருமுறை தானாகவே சொன்னார்.

அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பெட்டியைக் கட்டுங்கள், அண்ணன் வீட்டுக்குப் போவோம் என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அதைச் சாக்காகச் சொல்லிக்கொண்டேன். மழைக்காலம் முடியட்டும், பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சாக்குத் தேடினேன். சாமியே சொல்லிவிட்டதே என்று அவர் முன்னால் ஒருமுறை துணிந்து சொன்னேன். அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, சொல்லிருச்சு" என்றார்.

கேலி நின்றுபோனது. எப்போது நின்றது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மூத்தவள், "அப்பா, தொரை மாதிரி பேசுப்பா" என்று மடியில் ஏறுவாள். அவர் அவள் தலையைத் தடவிவிட்டு இறக்கி விடுவார். அப்புறம் கைக்கு வந்தது. முதலில் வலது கைக் கட்டைவிரல் பென்சிலைப் பிடித்ததும் இறுகிக்கொள்ளும். சாப்பிடும்போது ஒன்றும் இல்லை, பிள்ளையைத் தூக்கும்போது ஒன்றும் இல்லை, எழுத உட்கார்ந்தால் மட்டும் நடுக்கம் எடுக்கும். நான் விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டேன். டிரெஸர் டானிக் கொடுத்தார். அச்சில் வார்த்த எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டு போனது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு செக்ரோல் எழுதினார்.

அப்படி ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு ரப்பர் விலை விழுந்தது. விழுந்தது என்றால் எல்லாரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஆட்களைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஆபீஸ் கிராணி ஒருத்தர் இருக்க, ஆள் இல்லாத தோட்டத்துக்கு இன்னொரு கிராணி எதற்கு? இவருக்கு ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தான் துரை. நான் கட்டிக் காத்த வேலை, நான் கட்டிக் காத்த வீடு, இரண்டும் ஒரே காகிதத்தில் போயின.

அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தோம். வேறு போக்கிடம் ஏது? டவுனிலும் அப்போது ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் அண்ணன் யார் யார் காலையோ பிடித்து ஓர் ஆபீஸில் ஓரிடம் பார்த்து வைத்தான். பெரிய கிளார்க்கு இவர் முன்னால் ஒரு தாளை வைத்து, "இத அப்படியே பார்த்து எழுதுங்க" என்று சொன்னாராம். நாலு வரி. அண்ணன் வாசலில் நின்று பார்த்தானாம். இவர் முதல் வரியை முடிப்பதற்குள் வேர்த்து விறுவிறுத்துப் போனார். மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள இடது கையை மேசைக்கு மேலே கொண்டுவர வெட்கப்பட்டு, தொடைமேலேயே வைத்திருந்தாராம். பெரிய கிளார்க்கு தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "ஒடம்பப் பாத்துக்குங்க" என்றாராம். மரியாதையாகத்தான் சொன்னாராம்.

பிறகு ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்து அடுக்குகிற வேலை கிடைத்தது. எழுத வேண்டாத வேலை. நான் அண்ணி சமைத்து முடிக்கிறவரை களைந்த அரிசியோடு அடுப்படி வாசலில் நின்றேன். அண்ணி தங்கமானவள், "உள்ள வாயேன்" என்று கூப்பிடுவாள். எனக்குத்தான் கால் உள்ளே போகாது.

ஒருநாள் சாயங்காலம், நாங்கள் தனியாக ஓர் அறை வாடகைக்கு எடுத்து வந்த பிறகு, அவர் கடையிலிருந்து வரும்போது வாழை இலையில் பூ வாங்கி வந்தார். அந்த நார்க்கட்டைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நந்தியாவட்டையைத் தலையில் வைத்துக்கொண்டதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பார், அடித்தால் நல்லது என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வாய்க்கால்ல விடுறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் செகப்பு."

"அப்புறம் ஏன் அந்தக் கடுதாசிய எரிச்சீங்க? என்னை ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

அவர் வலது கையை மடிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தீன்னா ஒங்கிட்ட சண்ட போட்டிருப்பேன். சண்ட போட்டு ஜெயிச்சும் இருப்பேன். ரெண்டுலயும் செகப்ப வச்சுக் கட்டுற அளவுக்குப் பயந்து போனவகிட்ட என்னத்தச் சண்ட போடறது?" என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஏமாற்றியதற்காக இல்லை. நான் என் பயத்தைச் சொல்லியிருந்தால் அவர் சமாதானம் சொல்லியிருப்பார். அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததைச் சொல்லியிருந்தால் நான் அழுது தீர்த்துவிட்டு, அன்றைக்கே அவரோடு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன். எப்படியும் அந்த அடுப்படி வாசலில்தான் நின்றேன். அவர் கை நன்றாக இருக்கும்போதே போய் நின்றிருக்கலாம்.